சிகரட்டை விட்ட முதல் கிழமையள்: வயிறு இறுகும், வாய் புண்ணாகும், பசி கூடும்

சிகரட்டை விட்டால் இருமல் குறையும், மூச்சு லேசாகும், காசு மிஞ்சும் எண்டு எல்லாரும் சொல்லுவினம், ஆனா விட்ட மூண்டாம் நாள் நாலாம் நாள் கக்கூசுக்குப் போக ஏலாமல் வயிறு கல்லு மாதிரி இருக்கும், நாக்கு ஓரத்தில புண் வரும், சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலத்தில திரும்பப் பசிக்கும் எண்டு ஆரும் முதலே சொல்லி வைக்கிறேல்லை. கிளிநொச்சிப் பக்கம் ஒரு பார்மசியில நிக்கிற எனக்கு இது கனநாளா மனசில கிடக்கிற விசயம், ஏனெண்டால் விட்டிட்டுத் திரும்ப அடிக்கத் தொடங்கின கனபேர் சொல்லுற காரணம் ஆசை தாங்கேலாமல் எண்டில்லை, "என்ர உடம்புக்கு ஒத்துக்கொள்ளேல்லை" எண்டுறதுதான். அந்த ஒத்துக்கொள்ளாமை எண்டு அவை நினைக்கிறது பெரும்பாலும் இந்த மூண்டும்தான், இந்த மூண்டும் ஒண்டோட ஒண்டு பின்னிப்பிணைஞ்சு வாறது, ஒண்டை மட்டும் பார்த்து மருந்து எடுத்தால் மற்ற ரெண்டும் இழுத்துக்கொண்டு போகும்.

போன காலபோக அறுவடை நேரம் வந்த ஒரு அண்ணையின்ர கதையை வைச்சே சொல்லுறன், விளங்க லேசா இருக்கும். முரசுமோட்டைப் பக்கம், ட்ராக்டர் ஓடுறவர், அம்பது வயசு கடந்தவர், ஒரு நாளைக்குப் பதினஞ்சு சிகரட் கிட்ட அடிச்சவர். ஒரேயடியா விட்டிட்டார். விட்டு ஒரு கிழமை கூட ஆகேல்லை, வந்து "தம்பி, நல்ல பேதி மருந்து ஒண்டு தாரும், நாலு நாளா வயித்தால போகேல்லை" எண்டார். அதைக் குடுத்து அனுப்பியிருக்கலாம், ஆனா கதைக்கேக்க ஒரு பக்கமாத்தான் வாயைத் துறந்தார், அதால என்னண்ணை வாயில எண்டு கேட்டன். நாக்கு ஓரத்தில ரெண்டும் கீழ் உதட்டுக்கு உள்ளுக்க ஒண்டும், மூண்டு புண். காரம் படேலாது எண்டு கறி சோறை விட்டிட்டு பாணைத் தேத்தண்ணியில தோய்ச்சும் பிஸ்கட்டும்தான் சாப்பாடு, பசிக்கிற நேரமெல்லாம் திரும்ப அதே பிஸ்கட், அதே சீனித் தேத்தண்ணி. இப்ப பாருங்கோ, புண்ணால மரக்கறியும் இலைக்கறியும் நிண்டுபோச்சு, பசியால மாச்சாமான் கூடிப்போச்சு, ரெண்டும் சேர்ந்து ஏற்கெனவே மெதுவாகிப்போன குடலை இன்னும் இறுக்கிப்போட்டுது. பேதி மருந்து மட்டும் குடுத்திருந்தால் ஒரு நாள் ஓடிப்போட்டு அடுத்த நாள் திரும்ப இறுகியிருக்கும்.

குடல் ஏன் மெதுவாகுது எண்டுறதை முதல்ல சொல்லோணும். நிக்கொட்டின் மூளைக்கு மட்டும் போற சாமான் இல்லை. குடல் சுவருக்குள்ள இருக்கிற நரம்புகளை அசைக்க உடம்பு தானே ஒரு சாமானைச் சுரக்குது, நிக்கொட்டின் அதுக்குரிய இடத்தில போய் உக்காந்து குடலைத் தள்ளிவிடும். வருசக்கணக்கா ஒவ்வொரு நாளும் வெளியில இருந்து அந்தத் தள்ளு கிடைச்சுக்கொண்டிருந்தது. விடிய எழும்பி ஒரு பிளேன்ரீ, ஒரு சிகரட், பிறகு கக்கூஸ், இந்த வரிசை எங்கட பக்கம் எத்தினை பேருக்கு இருக்கு எண்டு உங்களுக்கே தெரியும், சிலபேர் கக்கூசுக்குள்ளயே கொண்டுபோய் அடிப்பினம். அந்தத் தள்ளு ஒரேயடியா நிக்கேக்க குடல் சொந்தப் பலத்தில ஓடப் பழகிறதுக்குக் கொஞ்சம் நாள் எடுக்கும். இது எல்லாருக்கும் வாறதும் இல்லை. 2003 இல லண்டனில செய்த ஒரு ஆய்வில சிகரட்டை விட்ட ஆக்களில கிட்டத்தட்ட ஆறு பேரில ஒருத்தருக்குத்தான் மலச்சிக்கல் வந்தது, கடுமையா வந்தது கிட்டத்தட்ட பதினொரு பேரில ஒருத்தருக்குத்தான். வந்தால் அது உங்கட உடம்பில ஏதோ புதுசாப் பழுதாப்போச்சு எண்டு அர்த்தமில்லை, முதல் ரெண்டு கிழமை கூடவா இருக்கும், பேந்து மெல்ல மெல்ல வழிக்கு வரும்.

இதில ஒரு உண்மையை மறைக்கக்கூடாது. இந்த நேரத்தில ஒரு சிகரட் அடிச்சால் உண்மையாவே வயித்தால போகும். அதாலதான் "ஒண்டே ஒண்டு, கக்கூசுக்காக மட்டும்" எண்டு தொடங்கினவை திரும்ப முழுசா உள்ளுக்க போயிடுகினம். ஆனா அப்பிடி ஒண்டு அடிச்சால் குடல் பழகத் தொடங்கினதும் திரும்ப முதல்ல இருந்துதான் தொடங்கோணும்.

அந்த அண்ணைக்கு நான் முதல்ல சொன்னது மருந்தில்லை, நேரம். காலமைச் சாப்பாடு வயித்துக்குள்ள போகேக்க பெருங்குடல் தானாவே அசையும், இது சிகரட் அடிக்காத ஆக்களுக்கும் எல்லாருக்கும் இருக்கிற இயற்கை, அதுவும் விடியப்பறம்தான் கூட வேலை செய்யும். அவர் அஞ்சு மணிக்கு வெறும் பிளேன்ரீயோட வயலுக்குப் போய் பதினொரு மணிக்குத்தான் வாயில ஏதும் வைக்கிறவர், இடையில இருந்ததெல்லாம் சிகரட். எழும்பின உடன ஒரு பெரிய செம்பு இளஞ்சூட்டுத் தண்ணி குடியுங்கோ, அதுக்குப் பிறகு தேத்தண்ணி, அதோட ஏதாவது சாப்பிடுங்கோ, சாப்பிட்டுக் கால் மணித்தியாலம் அரை மணித்தியாலம் கழிச்சுப் போய் இருங்கோ, வந்தாலும் வராட்டிலும் பத்து நிமிசத்துக்கு மேல இருக்க வேண்டாம், முக்கவும் வேண்டாம் எண்டு சொன்னன். குந்தி இருக்கிற கக்கூஸ் எண்டால் நல்லது, கொமட் எண்டால் காலுக்குக் கீழ ஒரு சின்னப் பலகை வைச்சு முழங்காலை உயர்த்தினால் லேசாப் போகும். வயலில நிக்கேக்க வாற நேரம் அடக்கிக்கொண்டு நிண்டால் பேந்து வராது, அது கிடந்து காய்ஞ்சு இறுகும்.

தண்ணி விசயம் வன்னியில தனியாச் சொல்லோணும். எங்கட வெயிலில வேர்வையாப் போறது கனக்க, அதோட கிணத்துத் தண்ணி கல்லுத்தண்ணி எண்டு கனபேர் குறைச்சுத்தான் குடிக்கினம். வயலில நிக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒண்டரை லீட்டர் போத்தலில ரெண்டு போத்தல் முடியிறது அளவானது, மோர், இளநி, கஞ்சி எல்லாம் அந்தக் கணக்கில வரும். ஆனா வவுனியாப் பக்கம் உட்பட எங்கட இடங்களில சிறுநீரக வருத்தக்காரர் இருக்கினம், அவை கிளினிக்கில சொன்ன அளவுக்கு மேல தண்ணி குடிக்கக்கூடாது, இளநியையும் வாழைப்பழத்தையும் டொக்டரிட்டைக் கேக்காமல் கூட்டக்கூடாது, மக்னீசியம் இருக்கிற வெள்ளைப் பால் மாதிரியான பேதி மருந்தைத் தொடவே கூடாது. இருதய வருத்தத்துக்கு தண்ணி குறைக்கச் சொன்ன ஆக்களும் அப்பிடித்தான்.

சாப்பாட்டில பெரிசா மாத்த ஒண்டும் இல்லை, பாணையும் பிஸ்கட்டையும் எடுத்துப்போட்டு எங்கட சாப்பாட்டுக்குத் திரும்பினால் போதும். குரக்கன் புட்டு, சிவத்தரிசிச் சோறு, முருங்கையிலை, பசளி, கௌபி, பயறு, பப்பாசிப்பழம், கொய்யாப்பழம். ஒரே நாளில எல்லாத்தையும் கூட்டினால் வயிறு ஊதும், அதால ஒரு நேரச் சாப்பாட்டில இருந்து தொடங்குங்கோ. தண்ணி குடிக்காமல் நார்ச்சாமானை மட்டும் கூட்டினால் இறுக்கம் இன்னும் கூடும், இதைக் கனபேர் கவனிக்கிறேல்லை. அஞ்சாறு நாளா இப்பிடிச் செய்தும் சரிவராட்டி இசப்கோல் ஒண்டு ரெண்டு தேக்கரண்டி ஒரு முழுக் கிளாஸ் தண்ணியில கரைச்ச உடன குடிக்கலாம், தண்ணி இல்லாமல் விழுங்கப்போனால் தொண்டையில அடைச்சுக்கொள்ளும், அதால கவனம். லக்டியுலோஸ் சிரப்பும் நல்லது, ஆனா அது வேலை செய்ய ரெண்டு நாள் எடுக்கும், முதல் நாள் ஒண்டும் நடக்கேல்லை எண்டு திரும்பத் திரும்ப ஊத்திக் குடிக்கக்கூடாது. குடலை அடிச்சு ஓட்டுற குளிசையள், ஆமணக்கெண்ணெய், கடையில வாற சூரணங்கள் எல்லாம் ஒரு இரவுக்கு உதவும், நாளாந்தம் எடுக்கிற சாமான் இல்லை. ஒரு சாமானில தங்கியிருந்த குடலைக் கழட்டிக்கொண்டு வந்து இன்னொண்டில கட்டிவிடுறது வீண் வேலை.

ஒரு நாள் போகாட்டி அது மலச்சிக்கல் இல்லை எண்டதையும் சொல்லிப்போடுறன். கிழமைக்கு மூண்டு தரத்துக்குக் குறைவாப் போனால், அல்லாட்டி ஆட்டுப்புழுக்கை மாதிரி இறுகிப் போனால்தான் அந்தப் பேர்.

இனி வாய்ப்புண். இதில சனம் கூடப் பயப்படுறது நியாயம்தான், எங்கட நாட்டில ஆம்பிளையளுக்குக் கூட வாற புற்றுநோயளில வாய்ப் புற்றுநோய் ஒண்டு, வெத்திலை புகையிலை போடாத வீடு குறைவு. ஆனா விட்ட உடன வாற சின்னப் புண்ணுக்கும் அதுக்கும் வித்தியாசம் இருக்கு. சிகரட் புகை வாய்க்குள்ள இருக்கிற மெல்லிய தோலைத் தடிப்பாக்கி வைச்சிருக்கும், புகை நிண்ட உடன தோல் தன்ர பழைய மெல்லிசுக்குத் திரும்பும், அந்த நேரம் பல்லுப் பட்டாலும் முறுக்குக் குத்தினாலும் லேசாப் புண்ணாகும், அதோட நிக்கொட்டினுக்கு அழற்சியை அமத்துற குணமும் இருந்தது, அதுவும் இப்ப இல்லை. இதெல்லாம் சேர்ந்துதான் புண் வருகுது எண்டுதான் இப்ப நினைக்கினம். விட்ட ஆக்களில அஞ்சு பேரில ரெண்டு பேருக்கு இது வரும் எண்டு அந்த லண்டன் ஆக்களே பிறகு செய்த இன்னொரு ஆய்வில கண்டவை, பெரும்பாலும் முதல் ரெண்டு கிழமைக்குள்ள, கனபேருக்கு லேசான புண்தான், பாதிக்கு மேலான ஆக்களுக்கு நாலு கிழமைக்குள்ள நிண்டுபோச்சு. கனக்க சிகரட் அடிச்சவைக்கு இது அதிகமா வரும்.

இந்தச் சாதாரணப் புண் எப்பிடி இருக்கும் எண்டால், சின்னன், வட்டம், நடுவில வெள்ளை அல்லாட்டி மஞ்சள், சுத்திவரச் சிவப்பு ஓரம், தொட்டால் உயிர் போற நோ. நாக்கு ஓரம், உதட்டு உள்பக்கம், கன்னத்து உள்பக்கம் எண்டு அசையிற இடங்களில வரும். ஒரு புண் ஏழில இருந்து பத்துப் பதினாலு நாளுக்குள்ள ஆறும், ஆறேக்க இன்னொண்டு வேற இடத்தில வரலாம், அதால புண் ஆறவேயில்லை எண்ட மாதிரித் தெரியும். வடிவாக் கண்ணாடியில பார்த்து எந்த இடத்தில இருக்கு எண்டு நினைவு வைச்சால், பழைய புண்ணோ புதுப் புண்ணோ எண்டு விளங்கும். நோவில்லாத புண், ஓரம் தடிச்சு இறுகின புண், சுரண்டினாலும் போகாத வெள்ளைப் படை அல்லாட்டி சிவப்புப் படை, வாயை முழுசாத் துறக்கேலாமல் இறுகிறது, ஒரே இடத்தில மூண்டு கிழமைக்கு மேல ஆறாமல் நிக்கிறது, இதில ஒண்டு இருந்தாலும் சிகரட் விட்டதால வந்தது எண்டு நினைச்சுக்கொண்டு இருக்காதேங்கோ, கிட்ட இருக்கிற ஆசுப்பத்திரியில பல் டொக்டரிட்டைக் காட்டுங்கோ. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எண்டு நாலு மாவட்ட ஆசுப்பத்திரியிலயும் காட்டலாம், காசில்லை.

புண்ணுக்குச் செய்யிறது லேசு. அரைத் தேக்கரண்டி உப்பை ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணியில கரைச்சு, சாப்பிட்ட பிறகும் படுக்க முதலும் எண்டு நாளுக்கு மூண்டு நாலு தரம் வாயில வைச்சுக் கொப்பளிச்சுத் துப்புங்கோ, விழுங்க வேண்டாம். பிரஷ் மெதுவானதா இருக்கோணும். நுரை கூட வாற பற்பசை சிலபேருக்குப் புண்ணைக் கூட்டும், நுரைக்குப் போடுற சோடியம் லோரில் சல்பேட் இல்லாத பற்பசை கிடைச்சால் மாத்திப் பாருங்கோ. நோ தாங்கேலாட்டி பார்மசியில மரத்துப்போகப் பண்ணுற ஜெல் இருக்கு, சாப்பிடக் கொஞ்சம் முதல் விரல் நுனியால பூசினால் சோறு இறங்கும். தயிர், மோர், ஆறின கஞ்சி, மணித்தக்காளி இலைச் சொதி எல்லாம் வாய்க்குச் சுகம். எருமைத் தயிருக்கு எங்கட பக்கம் குறைவில்லை, தூள் போடாத பால்கறியோட குழைச்சால் மரக்கறியும் உள்ளுக்க போகும், வயித்துக்கும் உதவும். தேசிக்காய், மாங்காய், ஊறுகாய், மிக்சர், முறுக்கு இதுகளைப் புண் ஆறும் வரைக்கும் தள்ளி வையுங்கோ. புண்ணில சுண்ணாம்பு வைக்கிறது, கற்பூரம் வைக்கிறது, பெற்றோல் தொடுறது எண்டு வந்து சொன்ன ஆக்களும் இருக்கினம், அது புண்ணை எரிச்சுப் பெரிசாக்கும், தயவுசெய்து செய்யாதேங்கோ.

சிகரட்டை விட்டிட்டு அந்த இடத்துக்கு வெத்திலை போடுறதைத்தான் நான் கூடப் பயத்தோட பாக்கிறன். வாய் சும்மா இருக்கேலாது எண்டு தொடங்கினம், புகையிலை போடேல்லை வெறும் பாக்குத்தானே எண்டு சொல்லுகினம். பாக்கே தனியாப் புற்றுநோயைத் தரும், வாயின்ர உள்தோலை இறுக்கி வாயைத் துறக்கேலாமல் பண்ணும். புகையிலையோட போட்டால் நிக்கொட்டினும் உள்ளுக்க போகுது, பிறகு விட்டது எண்டு ஒண்டும் இல்லை. வாய்க்கு வேலை வேணும் எண்டால் ஏலக்காய் ஒண்டு, கராம்பு ஒண்டு, சீனி இல்லாத சூயிங்கம் போதும், புண் இருக்கேக்க கராம்பு எரிக்கும், ஏலக்காய் எடுங்கோ.

பசி மூண்டாவது, இதுதான் கனநாள் நிக்கிறது. மலச்சிக்கலும் புண்ணும் ஒரு மாசத்துக்குள்ள பெரும்பாலும் அடங்கும், பசி ரெண்டரை மூண்டு மாசத்துக்கும் இழுக்கலாம். நிக்கொட்டின் மூளையில பசியை அமத்திக்கொண்டும், உடம்பு எரிக்கிற சக்தியைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டும் இருந்தது, இப்ப ரெண்டும் நிண்டுபோச்சு. அதோட நாக்குக்கு ருசியும் மூக்குக்கு மணமும் திரும்ப வருகுது, குழம்பு வாசம் ஒழுங்கை முனையிலயே வரும். மருந்தில்லாமல் விட்ட ஆக்களுக்குச் சராசரியா முதல் மாசத்தில ஒரு கிலோவும் ஒரு வருசத்தில நாலஞ்சு கிலோவும் கூடும், அதில பெரும்பங்கு முதல் மூண்டு மாசத்துக்குள்ள. சிலபேருக்குக் குறையிறதும் உண்டு. இந்த நாலு கிலோவுக்குப் பயந்து திரும்ப அடிக்கிறது பெரிய நட்டம், மெலியிறதை முதல் மூண்டு மாசத்துக்குப் பிறகு பாக்கலாம், அந்த நேரத்தில பட்டினி கிடந்தால் சிகரட் ஆசைதான் கூடும்.

பசியையும் ஆசையையும் பிரிச்சுப் பாக்க ஒரு கேள்வி போதும்: இப்ப ஒரு கோப்பை அவிச்ச கௌபி தந்தால் சாப்பிடுவனோ? ஓம் எண்டால் அது பசி, சாப்பிடுங்கோ. கௌபி வேண்டாம், இனிப்பா ஏதும் இல்லாட்டி கையில பிடிக்க ஏதும் வேணும் எண்டால் அது சிகரட் ஆசை, அது மூண்டு நாலு அஞ்சு நிமிசத்தில தானா இறங்கும், ஒரு கிளாஸ் தண்ணியைக் குடிச்சிட்டு ட்ராக்டரைச் சுத்தி ஒரு நடை நடந்திட்டு வாங்கோ. அந்த அண்ணைக்கு எட்டு மணிக்குத்தான் கூடப் பசிச்சது, காரணம் முந்தி அந்த நேரம் மூண்டு சிகரட் இருந்தது, சாப்பாடு இருக்கேல்லை. அதால விடியவே பழஞ்சோத்துக்குத் தயிரும் வெங்காயமும் போட்டுச் சாப்பிட்டு, எட்டரைக்கு எண்டு அவிச்ச பயறோ கச்சானோ ஒரு சின்னப் பெட்டியில கொண்டுபோகச் சொன்னன். முல்லைத்தீவுக் கச்சான் எங்கட மண்ணில விளையிறது, ஒரு கைப்பிடி போதும், அதுக்கு மேல போனால் எண்ணெய் கூட, புண் இருந்தால் வறுத்ததை விட்டிட்டு அவிச்சது. கெக்கரிக்காய், வெள்ளரிப்பழம் எவ்வளவும் சாப்பிடலாம்.

தேத்தண்ணியில கவனிக்க ஒண்டு இருக்கு. சிகரட் புகையில இருக்கிற தார்ச்சாமான்கள் ஈரலைத் தூண்டி கஃபீனை கெதியா வெளியேத்தப் பண்ணிக்கொண்டிருந்தது, புகை நிண்டால் ஈரல் ஆறுதலாத்தான் வெளியேத்தும், அதால அதே ஆறு தேத்தண்ணி இப்ப கிட்டத்தட்ட பத்துப் பன்னெண்டு குடிச்ச மாதிரி உடம்பில நிக்கும். படபடப்பு, நித்திரை இல்லை, கோவம், இதெல்லாம் சிகரட் இல்லாததால எண்டு நினைப்பம், பாதி தேத்தண்ணி. எண்ணிக்கையைப் பாதியாக் குறைச்சு, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு விட்டால் வித்தியாசம் தெரியும், நித்திரை கெட்டால் பசியும் கூடும், அதால இது பசிக்கும் மருந்து. சீனியும் அதோட குறையும்.

அந்த அண்ணை ரெண்டாம் கிழமை வரேக்க வயித்தால ஒண்டுவிட்ட ஒரு நாள் போகுது எண்டார், நாக்குப் புண் ஆறி உதட்டில புதுசா ஒண்டு வந்திருந்தது. இசப்கோல் நாலு நாள்தான் எடுத்தவர். பசி அப்பிடியே இருந்தது, சாரம் கொஞ்சம் இறுகுது எண்டார். இது எல்லாம் கணக்குக்குள்ள வாறதுதான். நாலாம் கிழமை புண் இல்லை.

கணக்குக்குள்ள வராததும் இருக்கு. மலத்தில ரத்தம் போறது, தார் மாதிரிக் கறுப்பாப் போறது, வயிறு ஊதிச் சத்தி வந்து காத்தும் பிரியாமல் இருக்கிறது, இதுக்கு உடன ஆசுப்பத்திரி. அம்பது வயசுக்கு மேல ஆளுக்கு மலம் போற விதம் மாறி ஒரு மாசம் தாண்டியும் வழிக்கு வராட்டிலும் காட்டோணும். நல்லாப் பசிச்சு நல்லாச் சாப்பிட்டும் மெலியுது, தாகம் கூட, இரவில மூத்திரத்துக்குக் கன தரம் எழும்புறம் எண்டால் அது சிகரட் விட்ட பசி இல்லை, சீனி வருத்தமா இருக்கலாம், ரத்தம் சோதியுங்கோ.

கடைசியா, கிளினிக் மருந்து எடுக்கிற ஆக்கள் சிகரட்டை விட்டதை டொக்டரிட்டைச் சொல்லியே ஆகோணும். இழுப்புக்கு தியோபிலின் எடுக்கிறவை, மனநலக் கிளினிக்கில ஒலான்சபின், குளோசபின் எடுக்கிறவைக்கு, கஃபீன் மாதிரியே அந்த மருந்தும் புகை நிண்ட பிறகு உடம்பில கூட நிக்கும், பழைய அளவு கூடிப்போகலாம். தியோபிலின் கூடினால் சத்தி, நெஞ்சுப் படபடப்பு, நடுக்கம் வரும், குளோசபின் கூடினால் மலச்சிக்கலே ஆபத்தா மாறும். மருந்தை நீங்களா நிப்பாட்ட வேண்டாம், அளவை அவைதான் பார்த்து மாத்துவினம். போகேலாட்டி 1948 எண்ட இலக்கத்துக்கு அடிச்சால் புகைத்தலை விடுறதுக்கு உதவுற அரசாங்கச் சேவை, அதிலயும் கேக்கலாம்.